உள்ளங்கை மெஹந்திக்கு பிராம்ப்ட்: வட்டம் ஒழுங்காக, சுற்றி வெறும் தோல் தெரிகிற மாதிரி வரவைப்பது எப்படி?

கோன்காரி

கோயம்புத்தூர் பக்கம் கல்யாண மெஹந்தி போடுகிறேன். அடுத்த மாதக் கல்யாணப் பெண் ஒருத்தி கேட்டிருக்கிற டிசைன் இதுதான்: உள்ளங்கை நடுவில் ஒரே ஒரு வட்டம், எட்டு இதழ், அதைச் சுற்றி எதுவுமே போடாமல் வெறும் தோல், விரல் நுனியில் தொப்பி, மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு பட்டை. நம் அம்மாக்கள் மருதாணி அரைத்து வைத்துவிடுவார்களே, அதே அமைப்புதான், ஆனால் வட்டத்துக்குள் நுணுக்கமான வேலை வேண்டும் என்கிறாள். கோனை எடுப்பதற்கு முன்னால் நாலைந்து மாதிரிப் படம் காட்டினால் அவளுக்கு முடிவெடுக்க வசதி. அண்ணனுடைய கேமிங் லேப்டாப்பில் ஏஐ படம் போடுகிற ஃபோர்ஜ் இருக்கிறது, அதில் எஸ்டிஎக்ஸ்எல் மாடலைப் போட்டுப் பார்க்கிறேன். பிராம்ப்ட் இது:

```
beautiful intricate bridal mehndi, henna hand, symmetrical,
negative space, realistic hand, masterpiece, 8k
```

வருவது எல்லாம் ஜமுக்காளம் விரித்த மாதிரி கை முழுக்க நிரப்பிய படம். வெறும் தோல் கேட்டால் கைக்குப் பின்னால் இருக்கிற சுவர்தான் வெறுமையாகிறது. வட்டம் தூரத்திலிருந்து பார்க்க அழகு, பெரிதாக்கினால் ஓர் இதழில் மூன்று கோடு, பக்கத்து இதழில் இரண்டு கோடு, நடுவில் கசங்கல். இன்னொன்று, உள்ளங்கை தெரிகிற படத்திலேயே நகமும் தெரிகிறது! எதை மாற்றினால் இது சரியாகும்?

ரெண்டர்ராஜா

பிராம்ப்ட் ரொம்பச் சின்னது, அதுதான் பிரச்சினை. `perfect symmetry, ultra detailed, sharp lines` எல்லாம் சேருங்கள், சிஎஃப்ஜியை 12 வரைக்கும் ஏற்றுங்கள், சொன்ன பேச்சைக் கேட்கும். கைக்கு கன்ட்ரோல்நெட் போடுங்கள், அதில் canny. யாராவது ஒருவர் கையை போட்டோ எடுத்துக் கொடுத்தால் விரல் ஐந்தும் அப்படியே வரும், ஆறாவது விரல் வர வழியே இல்லை. நான் நகைப் படங்களுக்கு இப்படித்தான் செய்கிறேன்.

வினோத்77

நெகட்டிவ் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் போடவேண்டியதை மேலே போட்டிருக்கிறீர்கள். `space` என்பதை நெகட்டிவ் பெட்டியில் போடுங்கள், இடைவெளி சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

பிக்சல்பாண்டி

வினோத், அது வேறு இது வேறு. நெகட்டிவ் பெட்டி என்பது படத்தில் வரக்கூடாததைச் சொல்ல. இங்கே அவர் கேட்பது கோடு போடாமல் விட்ட தோலை. `space` என்பதை அந்தப் பெட்டியில் போட்டால் காலியிடம் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

கோன்காரி, நீங்கள் சொன்ன சுவர் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். `negative space` என்ற சொல் போட்டோகிராபி, போஸ்டர் படங்களோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டு வரும், அங்கே அதற்கு அர்த்தம் பொருளைச் சுற்றி இருக்கிற காலிப் பின்னணி. மாடல் அதைத்தான் கொடுக்கிறது. கூடவே `intricate`, `bridal` இரண்டும் இருக்கின்றன, இணையத்தில் அந்தச் சொற்களோடு இருக்கிற படங்கள் எல்லாம் முழங்கை வரை நிரப்பிய கைகள்தானே. அதனால் தரத்தைச் சொல்கிற சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இடத்தைச் சொல்லுங்கள். வட்டம் எங்கே, தோல் எங்கே, தொப்பி எந்த ரேகை வரைக்கும்.

```
close-up photo of an open palm facing the camera, fingers up,
slightly apart, thumb on the right side of the image.
One round henna mandala in the center of the palm.
Wide ring of bare skin around it. Solid henna fingertips
down to the first crease, rest of each finger bare.
Reddish-brown stain, soft even light, plain background
```

இதில் `no pattern on fingers` என்று எழுதாததைக் கவனியுங்கள். மேல் பெட்டியில் `no` போட்டு எழுதினால் பெரும்பாலும் `pattern`, `fingers` இரண்டையும்தான் மாடல் பிடித்துக்கொள்ளும், விரலெல்லாம் பூ பூக்கும். வெறுமையாக இருக்கிற இடத்தை `bare` என்று இருப்பதாகவே சொல்லவேண்டும். `right hand` என்பதும் நம்பகமில்லை, அதனால்தான் கட்டைவிரல் படத்தின் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். விரல் மேலே பார்க்கும்படி உள்ளங்கையைக் காட்டினால் வலது கைக்குக் கட்டைவிரல் வலப்பக்கம் வரும்.

எஸ்டிஎக்ஸ்எல் பிராம்ப்டை 75 டோக்கன் கொண்ட துண்டாகத்தான் படிக்கும், காற்புள்ளியும் அதில் கணக்கு. மேலே இருப்பது அந்த எல்லையை ஒட்டி இருக்கிறது, இன்னும் சேர்க்க ஆசைப்படாதீர்கள். ஃப்ளக்ஸ் மாதிரி மாடலில் நீளமாக எழுதலாம், ஆனால் அங்கே நெகட்டிவ் பெட்டி வழக்கமான அமைப்பில் வேலை செய்யாது, அதனால் இந்த `bare` பழக்கம் அங்கே இன்னும் அவசியம்.

ராஜா, விவரச் சொற்களைக் கூட்டினால் கோடு கூடும், இடைவெளி குறையும். இவருக்கு வேண்டியது நேர் எதிர். சிஎஃப்ஜி 12 என்பது எஸ்டிஎக்ஸ்எல்லுக்கு அதிகம், நிறம் கருகிக் கோட்டோரம் தடித்துவிடும், 5 முதல் 7 போதும். கையின் போட்டோவைக் கொடுக்கவேண்டும் என்று சொன்னது ரொம்பச் சரி, ஆனால் அதை canny-யில் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

சலீமா அக்கா

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, என் மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். கீழக்கரையில் இருக்கிறேன், கோன் பிடித்து ரொம்ப வருஷம் ஆகிறது. டிசைனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோல் விடுவது என்றால் மிச்சம் இருக்கிற இடம் என்று நினைக்கக்கூடாது. அதற்கும் ஒரு வடிவம் வேண்டும். இந்த டிசைனில் வட்டத்துக்கு வெளியே விடுகிற வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால்தான் கண்ணுக்கு வட்டமாகத் தெரியும். உள்ளங்கையில் அது சும்மா அமையாது, கட்டைவிரல் பக்கம் மேடு தள்ளிக்கொண்டு நிற்கும், சுண்டுவிரல் பக்கம் கை சீக்கிரம் முடிந்துவிடும். விரலடியிலிருந்து வட்டம் வரைக்கும் ஒரு விரல் அகலம் விடுங்கள், மற்ற பக்கமும் அந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் வட்டம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும். பரவாயில்லை, அதுதான் அழகு.

வட்டத்துக்குள்ளும் இதே கதைதான். இரண்டு கோட்டுக்கு நடுவில் கோட்டின் அகலத்தைவிடக் குறைவாக இடம் விட்டால், எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டு வைக்கும்போது விழுது இளகி ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும், உரித்துப் பார்த்தால் ஒரே தடிப்பு. உள்ளங்கையில் தோல் தடிமன், புறங்கையைவிட நிறம் நன்றாக ஏறும், அதனால் மெல்லிய கோடே போதும், பயந்து தடிப்பாக இழுக்கவேண்டாம். அப்புறம் ஆயுள் ரேகை ஓடுகிற இடத்தில் அடர்த்தியாக நிரப்பாதீர்கள். கை மடங்க மடங்க அங்கேதான் முதலில் வெடித்து உதிரும், நிறம் திட்டுத்திட்டாக நிற்கும். கம்ப்யூட்டர் போடுகிற படத்தில் இதெல்லாம் இருக்காது, அது கை மடங்குவதையே பார்த்ததில்லை.

தஞ்சை மாலா

நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம், மெஹந்தி போட்டால் எனக்கு ஆரஞ்சாகவே நிற்கிறது. இந்தப் படங்களில் வருகிற மாதிரி கரும்பழுப்பாக வர என்ன செய்வது?

சலீமா அக்கா

மாலா, உரித்தவுடன் எல்லோருக்கும் ஆரஞ்சுதான். தண்ணீர் படாமல் வையுங்கள், ஒரு நாள், இரண்டு நாளில் தானாகக் கருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போடச் சொல்வது அதற்குத்தான். சீக்கிரம் கறுப்பாக வரும் என்று கடையில் விற்கிற கறுப்பு மெஹந்தியை மட்டும் தொடாதீர்கள். தலைச்சாயத்தில் சேர்க்கிற ரசாயனத்தை அதில் கலந்திருப்பார்கள், சில பேருக்குக் கை கொப்பளித்துவிடும். இந்தப் படங்களில் மை மாதிரி கறுப்பாக வருவதைப் பார்த்துவிட்டு அதே நிறம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது அதிகம், அதனால் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

பிக்சல்பாண்டி

அக்கா சொன்ன நிறம் பிராம்ப்டுக்கும் பொருந்தும். `henna` என்று மட்டும் எழுதினால் உலராத விழுது கையில் புடைத்து நிற்கிற மாதிரி சில படம், உரித்த பிறகு தெரிகிற நிறம் சில படம் என்று கலந்து வரும், சிலது ஒரே படத்தில் பாதிப்பாதி. அதற்காகத்தான் `stain` என்று போட்டேன்.

சரி, canny விஷயம். அது போட்டோவில் இருக்கிற ஓரக்கோடுகளை எடுத்து, அந்தக் கோட்டை விட்டு விலகாதே என்று மாடலுக்குச் சொல்கிறது. வெறும் கையின் போட்டோவைக் கொடுத்தால் விரலின் ஓரமும் ரேகையும் மட்டும் கோடாக இருக்கும், உள்ளங்கை நடுவில் ஒன்றும் இருக்காது. மாடல் அதை இங்கே ஒன்றும் இல்லை என்றுதான் புரிந்துகொள்ளும், மெஹந்தி வரவே வராது, வந்தாலும் மங்கலாக வரும். ராஜா நகையை போட்டோ எடுத்துக் கொடுத்திருப்பார், அதில் நகையின் கோடு ஏற்கனவே இருக்கும், அதனால் அவருக்குச் சரியாக வந்திருக்கும்.

கையின் உருவம் மட்டும் வேண்டும் என்றால் depth கொடுங்கள், அது மேடு பள்ளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தோலின் மேல் என்ன வரையலாம் என்பதை மாடலிடம் விட்டுவிடும். ஆனால் இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வெறும் கை போட்டோவின் மேல் வட்டத்தையும் தொப்பியையும் நீங்களே கறுப்புக் கோட்டில் வரைந்துவிட்டு, அந்தப் படத்தை canny-க்கோ lineart-க்கோ கொடுத்துப் பாருங்கள். வரைந்த இடத்தில் மெஹந்தி வரும், வரையாத இடம் வெறும் தோலாகவே நிற்கும். வெறும் தோல் கேட்டு பிராம்ப்டோடு மல்லுக்கட்டுவதைவிட இது நிச்சயமான வழி.

இதழ்க் கணக்குக்கு வருகிறேன். `eight petals` என்று எழுதிப் பயனில்லை, ஏழும் வரும் ஒன்பதும் வரும். எட்டே வந்தாலும் ஒவ்வோர் இதழையும் மாடல் தனித்தனியாகத்தான் வரைகிறது, முதல் இதழைப் பார்த்து இரண்டாவதை வரைவதில்லை. அதனால் சமச்சீரை மாடலிடம் கேட்கவே கேட்காதீர்கள், நீங்கள் செய்துவிடுங்கள்.

கோன்காரி

depth-க்கு மாற்றினேன், என் கையையே ஜன்னல் பக்கம் வைத்து எடுத்த போட்டோ. கை இப்போது கையாக இருக்கிறது, நகம் போய்விட்டது, புது பிராம்ப்டில் வளையமும் ஓரளவு வருகிறது. ஆனால் வட்டத்துக்குள் இன்னும் கசங்கல்தான். முழுக்கை படத்தில் வட்டம் சின்னதாக இருப்பதாலா? அப்புறம், சமச்சீரை நானே செய்வது என்றால் எப்படி, ஒன்றைக் காப்பி எடுத்துச் சுழற்றுவதா?

பிக்சல்பாண்டி

ஆமாம், சின்னதாக இருப்பதால்தான். கணக்குப் போட்டால் தெரியும். படம் 1024 பிக்சல் உயரம், அதில் கை 900 பிக்சல் என்று வையுங்கள். நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை 18 செ.மீ. என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல்தான் கிடைக்கிறது. நீங்கள் மெல்லிய கோடு இழுத்தால் அரை மில்லிமீட்டர் இருக்குமா? அது படத்தில் இரண்டரை பிக்சல். ஆனால் எஸ்டிஎக்ஸ்எல் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டமாகச் சுருக்கிவைத்துத்தான் உள்ளே வேலை செய்கிறது. ஒரு கட்டத்துக்குள் இரண்டு கோடும் நடு இடைவெளியும் சேர்ந்து விழுந்தால் அது எப்படிப் பிரித்துக் காட்டும்? நீங்கள் பார்க்கிற கசங்கல் அதுதான். பிராம்ப்டில் `sharp` என்று எத்தனை முறை எழுதினாலும் அது மாறாது.

உள்ளங்கையை மட்டும் நெருக்கமாக எடுங்கள். 8 செ.மீ. அகல உள்ளங்கை 1000 பிக்சலை நிரப்பினால் மில்லிமீட்டருக்கு 12 பிக்சலுக்கு மேல் வரும், ஒரு மில்லிமீட்டர் கோடு கட்டத்தைவிடப் பெரிதாகிவிடும், உடனே வித்தியாசம் தெரியும். முழுக்கை படம்தான் வேண்டும் என்றால் முதலில் கையைச் செய்துவிட்டு, இன்பெயின்டில் உள்ளங்கையை மட்டும் முகமூடி போட்டு `Only masked` தேர்ந்தெடுங்கள். அது அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி வரைந்துவிட்டுத் திரும்பச் சுருக்கி ஒட்டும். அந்த நேரம் பிராம்ப்டிலும் கை, விரல் எல்லாம் எடுத்துவிட்டு வட்டத்தை மட்டும் எழுதுங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கைக்குள் இன்னொரு குட்டிக் கை வரும்.

இப்போது சுழற்றுவது. எட்டு இதழ் என்றால் ஓர் இதழுக்கு 45 பாகை. 45 பாகைத் துண்டை வெட்டி எட்டு முறை சுழற்றினால் ஒட்டுகிற இடத்தில் கோடு சேராது, ஏனென்றால் துண்டின் இடது ஓரமும் வலது ஓரமும் ஒன்றில்லை. அதனால் பாதியை எடுங்கள், 22.5 பாகை. மாடல் போட்ட வட்டங்களிலேயே சுத்தமாக வந்த ஓர் அரை இதழைத் தேடி வெட்டுங்கள், அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் பக்கத்தில் ஒட்டினால் முழு இதழ். இப்போது இரண்டு ஓரமும் ஒரே வெட்டு, எட்டு முறை சுழற்றினாலும் கோடு போய்க் கோட்டில்தான் சேரும். இன்க்ஸ்கேப்பில் செய்யலாம். கையால் வரைவீர்கள் என்றால் கிரிட்டாவில் மல்டிபிரஷ் இருக்கிறது, ஓர் இதழில் வரைய வரைய மற்ற இதழிலும் தானாக விழும். உங்களுக்குக் கை ஓட்டம் இருக்கிறது, எனக்குப் பட்டது, நீங்கள் இரண்டாவது வழியில் போவதுதான் நல்லது.

பினாங்கு பெண்

எனக்கு லேப்டாப் கிடையாது, போனில் சாட் மாதிரி பேசிப் படம் வாங்குகிற செயலிதான். தீபாவளிக்கு அக்கா, நான், சித்தி மகள் மூன்று பேருக்கும் டிசைன் பார்க்கிறேன். depth எல்லாம் அதில் இல்லை. இன்னொரு விஷயம், நாங்கள் மாநிறத்துக்கும் கீழே, `brown skin` என்று போட்டால் உள்ளங்கையும் புறங்கை நிறத்திலேயே வருகிறது, மெஹந்தி சரியாகத் தெரியவே இல்லை.

பிக்சல்பாண்டி

நிறத்துக்கு `brown-skinned hand with a lighter palm` என்று எழுதிப் பாருங்கள். நிஜத்தில் நம் எல்லோருக்கும் உள்ளங்கை வெளுப்புத்தானே, மாடலுக்குத் தோல் நிறம் சொன்னால் கை முழுக்க ஒரே பூச்சாகப் பூசிவிடுகிறது.

போனில் என்றால் உங்கள் கை போட்டோவை ஏற்றிவிட்டு அதன் மேல் வரையச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு வேலை. முதலில் வட்டம் மட்டும், அது சரியானதும் தொப்பி. ஒவ்வொரு தடவையும் இந்த வரியைச் சேருங்கள்:

```
Keep the hand, pose, palm lines and background unchanged.
Add only this:
```

சேர்த்தாலும் பல செயலிகள் முழுப் படத்தையும் புதிதாக வரைந்துதான் கொடுக்கும். கண்டுபிடிக்க உங்கள் கைரேகையைப் பாருங்கள். போட்டோவில் இருந்த ரேகை அதே இடத்தில், அதே கிளையோடு இருக்கிறதா? மாறியிருந்தால் விரல் நீளமும் மாறியிருக்கும். செயலிகள் விரலை நீட்டிவிடும், அழகு என்று. நடுவிரல் உள்ளங்கை நீளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும், அதற்குச் சமமாக வந்திருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். அந்த அளவுக்கு வைத்த டிசைன் உங்கள் விரலில் இடம் போதாமல் நெருக்கும்.

ரெண்டர்ராஜா

வரைந்ததை canny-க்குக் கொடுத்துப் பார்த்தேன், பாண்டி சொன்ன மாதிரியே வருகிறது, வெறும் இடம் வெறுமையாகவே நிற்கிறது. ஆனால் ஒரு கேள்வி. இரண்டு கைக்கும் ஒரே டிசைன் வேண்டும் என்றால் `both hands, symmetrical` என்று போடுவதில் என்ன தப்பு? எனக்கு இரண்டு கையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வந்தது.

பிக்சல்பாண்டி

கிட்டத்தட்ட என்பதுதான் பிரச்சினை ராஜா. இரண்டு கையை ஒரே படத்தில் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி பிக்சல், கோடு மறுபடியும் கட்டத்துக்குக் கீழே போய்விடும். ஒரு கையை முழுசாக முடித்துவிட்டு படத்தை இடவலமாகத் திருப்புங்கள். வலது உள்ளங்கையைத் திருப்பினால் அது சரியான இடது உள்ளங்கை, கட்டைவிரல் தானாக இடம் மாறும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால் இரண்டு கையிலும் நிழல் எதிரெதிராக விழும், அதற்குத்தான் பிராம்ப்டில் `soft even light`. பெயரோ எழுத்தோ டிசைனில் இருந்தால் திருப்பிய பிறகு தனியாக மாற்றுங்கள்.

சலீமா அக்கா

மயில் போட்டால் இப்படித் திருப்புவதுதான் முறையும். இரண்டு கையையும் சேர்த்து வைக்கும்போது மயில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவேண்டும். ஒரே பக்கம் பார்த்தால் பெண் வீட்டிலேயே கேட்பார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இப்படிச் செய்த படத்தை மெஹந்தி போடுகிறவர்கள் தங்கள் வேலை என்று போட்டுவிடுகிறார்கள். போன சீசனில் ஒரு பெண் போனில் படத்தோடு வந்தாள். ஒரு கொடி மணிக்கட்டில் ஆரம்பித்துச் சுண்டுவிரலுக்கு அடியில் போய் வேறு பூவுக்குள் நுழைந்து காணாமல் போகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. கோனை எங்கே வைத்து எங்கே எடுப்பது? இதைப் போட முடியாது என்றேன், அந்த இடத்தில் போட்டிருக்கிறார்களே என்கிறாள். அவளிடம் எப்படி விளக்குவது?

கோன்காரி

அக்கா, நான் பெண்ணிடம் இது கம்ப்யூட்டரில் செய்த மாதிரி என்று சொல்லித்தான் காட்டப்போகிறேன். அதோடு வட்டத்தை நானே கிரிட்டாவில் வரைவதால் நான் போட முடியாத கோடு அதில் வராது. முன்பதிவுப் பக்கத்தில் என் கையால் போட்டதை மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

ரெண்டர்ராஜா

அழகுநிலையத்தில் முடி நிறத்துக்குக் காட்டுகிற படம் எல்லாம் அவர்கள் செய்ததா என்ன? மாதிரி மாதிரிதான், போட முடிகிறதா இல்லையா என்பது போடுகிறவர் கையில். எல்லாப் படத்துக்கும் குறிப்பு எழுதிக்கொண்டிருக்க முடியாது.

சலீமா அக்கா

முடி நிறத்துக்கு டப்பாவில் எண் இருக்கிறது, அதே எண்ணைப் பூசலாம். கையில் கோடு அப்படி இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை.

கோன்காரி

செய்து பார்த்ததை எழுதுகிறேன், தேவைப்படுகிறவர்களுக்கு உதவும். கிரிட்டாவில் மல்டிபிரஷ்ஷில் தூரிகை எண்ணிக்கையை எட்டாக வைத்து வட்டத்தை வரைந்தேன். நடுவில் புள்ளி, அதைச் சுற்றி இரண்டு கோடு, அப்புறம் இதழ், இதழுக்குள் ஜாலி என்கிற வலைப்பின்னல், வெளியே ஒரு வரிசைப் புள்ளி. அக்கா சொன்ன மாதிரி கோட்டளவுக்குக் குறையாமல் இடைவெளி. என் கை போட்டோ மேல் அதைத் தனி அடுக்காக வைத்து, அடுக்கின் வகையை `Multiply` என்று மாற்றியதும் கைரேகை கோட்டுக்கு அடியில் தெரிய ஆரம்பித்தது, அதுவரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. கட்டைவிரல் மேட்டுப் பக்கம் வட்டத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன். பிறகு அந்தப் படத்தை ஃபோர்ஜில் இமேஜ் டு இமேஜில் கொடுத்து மாற்ற அளவை 0.25 வைத்தேன், நிறம் தோலுக்குள் இறங்கின மாதிரி ஆகிவிட்டது. 0.45-இல் வைத்தால் ஜாலி கலைந்துவிடுகிறது. தொப்பியும் நன்றாக இருக்கிறது.

மணிக்கட்டுப் பட்டை மட்டும் ஒட்டவில்லை. நேராக ஒரு பட்டை வரைந்தேன், கை தனி, பட்டை தனி என்று நிற்கிறது.

பிக்சல்பாண்டி

0.25 நல்ல அளவு, மெல்லிய கோட்டுக்கு 0.3-ஐத் தாண்டவேண்டாம்.

பட்டை நேராக இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. மணிக்கட்டு உருண்டை, அதைச் சுற்றிப் போகிற பட்டை கேமராவுக்கு லேசாக வளைந்துதான் தெரியும், இரண்டு ஓரத்திலும் பட்டைக்குள் இருக்கிற புள்ளிகள் நெருங்கிக்கொண்டே போகும். உங்கள் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, முதல் போட்டோ எடுத்த அதே கோணத்தில் இன்னொன்று எடுங்கள். அந்த வளைவைப் பார்த்துப் பட்டையை வளையுங்கள், ஓரத்துக்குப் போகப்போகப் புள்ளியை நெருக்கிவையுங்கள்.

சலீமா அக்கா

பட்டையை மணிக்கட்டு ரேகை மேலேயே போடாதீர்கள், அங்கேயும் உதிரும். ரேகைக்கு ஒரு விரல் கீழே, முழங்கைப் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். வளையல் வந்து மறைக்குமா என்று பெண்ணைக் கேட்டுவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

பினாங்கு பெண்

ரேகையைப் பார்க்கச் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது, அக்காவுடைய கையில் கிளை ரேகையே காணோம், அந்தப் படத்தை விட்டுவிட்டேன். சித்தி மகளுக்குக் கை ரொம்பச் சின்னது, பத்து வயசு. அவளுக்கும் எட்டு இதழ் வைக்கலாமா, குறைக்கவேண்டுமா?

சலீமா அக்கா

ஆறு வையுங்கள், உள்ளே ஜாலி வேண்டாம், புள்ளி மட்டும் போதும். குழந்தை கையை ஆட்டாமல் வைத்திருக்காது.

பிக்சல்பாண்டி

ஆறு என்றால் அரை இதழ் 30 பாகை. கிரிட்டாவில் என்றால் தூரிகை எண்ணிக்கையை ஆறாக மாற்றினால் போதும். போனில்தான் என்றால் ஒரு தாளில் ஆறு இதழ் வட்டத்தைக் கறுப்புப் பேனாவில் வரைந்து, அதை நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, கை போட்டோவோடு சேர்த்து ஏற்றி, இந்த வட்டத்தை இந்த உள்ளங்கையில் வை என்று கேளுங்கள். இதழை எண்ணிப் பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.